கீழிடத்தில் ஷானன் குறியீடு 0.83: இதைக் "கடும் மாசு" என்று எழுதலாமா?

நீரோட்டம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக ஒரு சிற்றோடையின் அடித்தளத்தில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களை இரண்டு இடங்களில் எண்ணியிருக்கிறேன். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு கழிவுநீர் வாய்க்கால் ஓடையில் வந்து கலக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் உதைவலையை மும்முறை வைத்து, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் அடித்தளத்தைக் காலால் கிளறி, கிடைத்தவற்றைக் குடும்ப அளவில் பிரித்தேன். மூன்று மாதிரிகளையும் சேர்த்த எண்ணிக்கை இது:

மேலிடம் (மொத்தம் 100): பீட்டிடே மேஃப்ளை 28, ஹைட்ரோசைக்கிடே கேடிஸ்ஃப்ளை 24, ஹெப்டஜெனிடே மேஃப்ளை 20, ஓடை வண்டு 10, கைரோனோமிட் 8, பெர்லிடே ஸ்டோன்ஃப்ளை 6, நத்தை 2, தும்பியின் இளம்பருவம் 2.

கீழிடம் (மொத்தம் 200): கைரோனோமிட் 150, டியூபிஃபெக்ஸ் புழு 30, நத்தை 12, பீட்டிடே மேஃப்ளை 4, அட்டை 4.

பல்வகைமையை அளக்கும் ஷானன் குறியீடு மேலிடத்துக்கு 1.78 என்றும் கீழிடத்துக்கு 0.83 என்றும் வந்தது. கீழிடத்தின் சூழல் நலம் சிதைந்துவிட்டது என்று இந்த ஓர் எண்ணை வைத்து எழுதலாமா? கணக்கில் பிழை இருந்தாலும் சுட்டிக்காட்டுங்கள்.

அளவுகோல்

இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. வில்ம், டோரிஸ் இருவரும் 1968 இல் வெளியிட்ட வரம்புகள் இன்றும் ஆய்வேடுகளில் எடுத்தாளப்படுகின்றன. மதிப்பு 3 க்கு மேல் இருந்தால் தூய நீர், 1 முதல் 3 வரை மிதமான மாசு, 1 க்குக் கீழே கடும் மாசு. உங்கள் கீழிடம் 0.83 என்பதால் கடும் மாசு; மேலிடம் 1.78 என்பதால் மிதமான மாசு. அந்த வரம்பைக் குறிப்பிட்டு அப்படியே எழுதுங்கள்.

கூழாங்கல்

அளவுகோல் சொன்ன வரம்புகள் சரிதான். ஆனால் அவற்றை இந்த எண்களோடு ஒப்பிட முடியாது. அந்த 1, 3 என்ற எல்லைகள் 2 ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் கணக்கிட்ட மதிப்புகளுக்கு உரியவை. நீரோட்டம் தந்த எண்ணிக்கையிலிருந்து நானே போட்டுப் பார்த்தேன். அவர் பயன்படுத்தியது இயல் மடக்கை.

கீழிடத்தை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன். கைரோனோமிட் 200 இல் 150, அதாவது பங்கு 0.75. அதன் இயல் மடக்கை −0.288, இரண்டையும் பெருக்கிக் குறியை மாற்றினால் 0.216. டியூபிஃபெக்ஸின் பங்கு 0.15, அதிலிருந்து 0.285. நத்தையின் பங்கு 0.06, அதிலிருந்து 0.169. மேஃப்ளை, அட்டை இரண்டும் 0.02 வீதம், ஒவ்வொன்றிலிருந்தும் 0.078. கூட்டினால் 0.826. எனவே 0.83 என்பதில் கணக்குப் பிழை இல்லை.

இதே எண்ணிக்கையை 2 இன் அடிமானத்துக்கு மாற்ற 0.693 ஆல் வகுக்க வேண்டும்; 1.19 கிடைக்கும். "கடும் மாசு" என்ற வகையில் இருந்த இடம், ஓடையில் ஒரு சொட்டு நீர் மாறாமலே "மிதமான மாசு" என்ற வகைக்கு ஏறிவிட்டது. மேலிடம் 2.57 ஆகிறது. உங்கள் ஆய்வேட்டில் மதிப்பை எழுதும் ஒவ்வோர் இடத்திலும் எந்த மடக்கை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாத ஷானன் மதிப்பை வேறெவராலும் பயன்படுத்த முடியாது.

கட்டம்

கூழாங்கல் சொன்னது எனக்கே நேர்ந்தது. விரிதாளில் `LOG` என்று தட்டினால் இயல் மடக்கை வரும் என்று நினைத்து ஒரு பருவம் முழுவதும் கணக்கிட்டேன். அந்தச் சார்பில் அடிமானத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 10 ஐ எடுத்துக்கொள்கிறது. நீரோட்டத்தின் கீழிடத்தை அப்படிக் கணக்கிட்டால் 0.36 தான் வரும். என் இடங்கள் எல்லாமே அழிவின் விளிம்பில் இருப்பதாக ஓர் அறிக்கை எழுதி அனுப்பிய பிறகே தவறு தெரிந்தது. எட்டு வகைகள் ஏறக்குறைய சமமாக இருந்த ஒரு மாதிரிக்கு 0.9 கூட வராதது ஏன் என்று ஒரு மூத்தவர் கேட்டார். எட்டும் முற்றிலும் சமமாக இருந்தால் இயல் மடக்கையில் 2.08 வர வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இப்போது முதல் வேலையாக, வகைகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை எடுத்து அந்த உச்ச வரம்பைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

பங்குகள் C2 முதல் C6 வரை இருந்தால் இது போதும்:

```
=-SUMPRODUCT(C2:C6, LN(C2:C6))
```

எந்தக் கட்டத்திலாவது பூஜ்யம் இருந்தால் `#NUM!` என்று பிழை காட்டும். அந்த வகை அந்த மாதிரியில் இல்லை என்பதே பொருள் என்பதால் அந்த வரியை விட்டுவிடலாம். பூஜ்யத்துக்குப் பதிலாகச் சிறிய எண் எதையும் இட்டு நிரப்ப வேண்டாம்.

நீரோட்டம்

மிக்க நன்றி. ஆம், `LN` தான் பயன்படுத்தினேன். ஆனால் இப்போது வேறொரு குழப்பம். 2 இன் அடிமானத்தில் பார்த்தாலும் மேலிடம் 2.57 தான்; 3 ஐ எட்டவில்லை. ஸ்டோன்ஃப்ளை இருக்கும், கற்கள் தெளிவாகத் தெரியும் அந்த இடத்தை "மிதமான மாசு" என்று எழுத மனம் ஒப்பவில்லை. மேலும் கீழிடத்தில் இரு மடங்கு உயிர்களை எண்ணியிருக்கிறேன். அந்த வேறுபாடும் மதிப்பைப் பாதித்திருக்குமா?

கூழாங்கல்

இரண்டும் நல்ல கேள்விகள். எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். கூடுதலாக எண்ணினால் அரிய வகைகள் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். ஆகவே சமமற்ற மாதிரிகளில் பெரிய மாதிரிக்குத்தான் சாதகம். உங்களிடமோ பெரிய மாதிரியில்தான் வகைகள் குறைவு. கீழிடத்தின் 200 உயிர்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 100 ஐ எடுத்தால் எத்தனை வகை கிடைக்கும் என்று கணக்கிட்டால் சராசரியாக 4.88 வருகிறது. எனவே எட்டுக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளி எண்ணிய அளவால் வந்ததன்று. ஆர் நிரலில் vegan தொகுப்பு இருந்தால் நான்கு வரிகளில் சரிபார்க்கலாம்:

```
library(vegan)
b <- c(150, 30, 12, 4, 4)
diversity(b)
rarefy(b, 100)
```

அந்த `diversity` சார்பு வேறு எதுவும் சொல்லாவிட்டால் இயல் மடக்கையையே எடுக்கும்.

இனி மேலிடம். 3 என்ற எல்லையை எட்டாததற்கு நீர் காரணமாக இருக்க வேண்டியதில்லை; நீங்கள் குடும்ப அளவில் நிறுத்திக்கொண்டதே போதுமான காரணம். பீட்டிடே என்று ஒரே வரியில் போட்ட 28 இல் மூன்று நான்கு இனங்கள் இருக்கக்கூடும். பிரிக்கும் நுணுக்கம் மாறினால் மதிப்பு எவ்வளவு ஆடும் என்பதைக் கீழிடத்தை வைத்தே பாருங்கள். அந்த 150 கைரோனோமிட்களின் தலைகளை உருப்பெருக்கியில் பார்த்து ஒருவர் 90, 40, 20 என்று மூன்று வகையாகப் பிரித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். புட்டியில் இருப்பவை அதே உயிர்கள்தான். குறியீடு மட்டும் 0.83 இலிருந்து 1.52 ஆக ஏறிவிடும். ஆகவே எவரோ வரைந்த எல்லைக்கோட்டை விட, உங்கள் இரண்டு இடங்களையும் ஒரே வலை, ஒரே நேரம், ஒரே பிரிப்பு அளவு ஆகியவற்றோடு ஒன்றையொன்று ஒப்பிடுவதே நம்பத்தக்கது.

ஒப்பிடுவதற்கும் ஒரு நல்ல வழி உண்டு. 1.78, 0.83 ஆகிய எண்களைப் படிப்பவருக்கு எதுவும் புலப்படாது. அவற்றை e இன் அடுக்காக உயர்த்துங்கள்: 5.9, 2.3. மேலிடத்தின் சமூகம், சம அளவில் வாழும் ஏறக்குறைய ஆறு வகைகளுக்கு நிகரானது. கீழிடத்தில் ஐந்து வகைகளின் பெயர்கள் இருந்தாலும், இரண்டே கால் வகைகளுக்குத்தான் நிகர். ஹில் 1973 இல் முன்வைத்த வழி இது. எந்த மடக்கையில் தொடங்கினாலும் அதே அடிமானத்தின் அடுக்காக உயர்த்தினால் இதே விடைதான் வரும் என்பதால் அடிமானச் சண்டையும் தீர்ந்துவிடுகிறது.

அளவுகோல்

அடிமானத்தைப் பார்க்காமல் சொன்னது என் தவறு, ஏற்கிறேன். ஆனாலும் ஒன்று. எல்லைகளே வேண்டாம் என்றால் நிர்வாகத்தில் இருப்பவர்கள் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? "நிகரான வகைகள் 2.3" என்று எழுதினால் அது நல்லதா கெட்டதா என்றுதான் அடுத்த கேள்வி வரும். குறைந்த பல்வகைமை என்றால் நலம் குன்றிய சூழல் என்ற பொது விதியையாவது விட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

அலையாத்தி

அந்தப் பொது விதியோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. நான் அலையாத்திக் காடுகளில் வேலை செய்கிறேன். கடல்முகப்பில் ஒரு வரிசை முழுவதும் வெண்கண்டல் மட்டும் நிற்கும் நிலப்பட்டையில் மரங்களை எண்ணினால் ஷானன் மதிப்பு பூஜ்யம். ஒரே இனம் என்றால் பங்கு 1. அதன் மடக்கை பூஜ்யம். அந்தக் காடு நோயுற்றதாக எவரும் சொல்ல முடியாது. உப்பையும் அலையேற்றத்தையும் காற்றில்லாத சேற்றையும் தாங்கக்கூடிய மரங்கள் மிகச் சிலவே. அங்கே எதிர்பார்க்க வேண்டிய மதிப்பே அதுதான். மாறாக, கரையை வெட்டி உப்பு குறைந்த ஒரு பகுதியில் களைச்செடிகள் நுழைந்து மதிப்பு ஏறியதைக் கண்டேன். எண் உயர்ந்தது, காடு பின்வாங்கியது. நீரோட்டத்தின் கீழிடமும் இயல்பாகவே இப்படி இருக்கலாம் அல்லவா?

கூழாங்கல்

அலையாத்தி தந்த எடுத்துக்காட்டு மிகச் சரி. ஆனால் நீரோட்டத்தின் கேள்வி அதிலிருந்து சற்று வேறுபட்டது. அவரிடம் அதே ஓடையின் மேலிடம் ஒப்பீட்டுக்கு இருக்கிறது. குறைந்த மதிப்பு கெட்டதா என்பது, அந்த வகை வாழிடம் இடையூறின்றி இருந்தால் என்ன மதிப்பு தரும் என்பதைப் பொறுத்தது. அலையாத்திப் பட்டைக்கு எதிர்பார்ப்பு பூஜ்யம். கல்லும் வேகமும் உள்ள ஓடைக்கு அப்படியன்று. கீழிடம் மேலிடத்தைப் போன்ற வாழிடமா என்பதுதான் இங்கே திறக்க வேண்டிய முடிச்சு. நீரோட்டம், இரண்டு இடங்களின் அடித்தளத்தையும் விவரிக்க முடியுமா? கூடவே கரைந்த ஆக்சிஜனை எப்போது அளந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

குறியீட்டின் இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பெயர்கள் தெரியாது. கீழிடத்தில் 150 ஸ்டோன்ஃப்ளையும் 30 ஹெப்டஜெனிடேயும் இருந்திருந்தாலும் அதே 0.83 தான் வந்திருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்த உடனே பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். உங்கள் கைரோனோமிட்கள் சிவப்பு நிறமா? சிவப்பாக இருந்தால் அது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் தாக்குப்பிடிப்பவை அவை. டியூபிஃபெக்ஸும் அப்படியே: தலையைச் சேற்றில் புதைத்து வாலை நீரில் ஆட்டிக்கொண்டிருக்கும். பெர்லிடேயும் ஹெப்டஜெனிடேயும் ஒன்றுகூட இல்லாமல் போனதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், 0.83 என்பது சொல்லாத செய்தியைப் பெயர்கள் சொல்கின்றன. பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி மதிப்பெண் முறை இந்தப் பெயர்களைத்தான் எடைபோடுகிறது: பெர்லிடேக்கு 10, கைரோனோமிடேக்கு 2, புழுக்களுக்கு 1. வேறு நாட்டு உயிர்களுக்கு அந்த மதிப்பெண்களை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஆயினும் குறியீட்டுக்குத் துணையாக அதன் சிந்தனை பயன்படும்.

நீரோட்டம்

இந்தக் கேள்வியைக் கண்ட பிறகுதான் என் களக்குறிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மேலிடம் கூழாங்கற்கள் மீது நீர் சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதி. கீழிடத்தில் நீர் ஏறக்குறைய தேங்கி நிற்கிறது. அடியில் நான்கு விரல் ஆழத்துக்குக் கருஞ்சேறு. காலால் கிளறியபோது முட்டை அழுகியது போன்ற நாற்றம் வந்தது. கைரோனோமிட்கள் பெரும்பாலும் சிவப்பு. ஆக்சிஜனை முற்பகல் 11 மணிக்கு அளந்தேன், லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் இருந்தது. அதனால்தான் ஆக்சிஜன் காரணமாக இருக்காது என்று எண்ணி அதைப் பற்றி எழுதவில்லை.

கூழாங்கல்

அப்படியானால் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தேங்கிய சேற்றில், கழிவுநீர் ஒரு துளியும் கலக்காவிட்டாலும், வேகநீரில் கல்லைப் பற்றி வாழும் ஹெப்டஜெனிடேயை எதிர்பார்க்க முடியாது. உங்கள் இரண்டு மாதிரிகளும் கழிவுநீரால் மட்டும் வேறுபட்டிருக்க வேண்டும். ஆனால் அவை வாழிடத்தாலும் வேறுபடுகின்றன. வாய்க்காலுக்குக் கீழே, மேலிடத்தைப் போலக் கல்மீது ஓடும் பகுதி ஏதாவது இருந்தால் அங்கே மாதிரி எடுங்கள். அது ஒன்றே இந்த முடிச்சைத் தளர்த்தும்.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை, முற்பகலில் கல்லில் படர்ந்த பாசி ஒளிச்சேர்க்கையால் நீரை நிரப்பிவிடும். இரவெல்லாம் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதை உறிஞ்சும். மிகக் குறைந்த அளவு விடியலுக்கு முன்புதான் தெரியும். ஸ்டோன்ஃப்ளை சாவது அந்த நேரத்தில்தான்.

கட்டம்

ஒரு சிறிய கோரிக்கை. அடுத்த முறை மூன்று வலை மாதிரிகளையும் ஒன்றாகக் கொட்டாமல் தனித்தனிப் புட்டிகளில் வைத்திருங்கள். மூன்று தனி மதிப்புகள் இருந்தால் ஒரே இடத்துக்குள்ளேயே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று தெரியும். சேர்த்துவிட்டால் அந்தத் தகவலைத் திரும்பப் பெற வழியே இல்லை.

நீரோட்டம் (பதினாறு நாள் கழித்து)

சொன்னபடி சென்று வந்தேன். பழைய கீழிடத்தில் விடிவதற்கு முன் ஆக்சிஜன் லிட்டருக்கு 2.3 மில்லிகிராம். கையில் இருந்த கருவி பழுதோ என்று எண்ணி, நீரை மேலிடத்துக்குக் கொண்டுபோகாமல் கருவியையே கொண்டுபோய் அளந்தேன், அங்கே 7.1 காட்டியது.

வாய்க்கால் வாயிலிருந்து நாற்பது மீட்டர் கீழே கற்கள் மீது ஓடும் ஒரு பகுதி கிடைத்தது. அங்கே 120 உயிர்கள்: கைரோனோமிட் 72, ஹைட்ரோசைக்கிடே 24, பீட்டிடே 12, டியூபிஃபெக்ஸ் 6, நத்தை 6. இயல் மடக்கையில் 1.16, நிகரான வகைகள் 3.2. கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடியும் ஹெப்டஜெனிடேயோ ஸ்டோன்ஃப்ளையோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கட்டம் அவர்கள் சொன்னது போல மூன்று புட்டிகளையும் தனியாக வைத்தேன், மதிப்புகள் 0.98, 1.12, 1.21.

கூழாங்கல்

இப்போது படம் தெளிவாகிறது. நிகரான வகைகள் 5.9 இலிருந்து 3.2 ஆகவும், அங்கிருந்து 2.3 ஆகவும் இறங்குகின்றன. முதல் இறக்கத்தில் அடித்தளம் ஏறக்குறைய ஒன்றே. நீர் மட்டுமே வேறு. இரண்டாம் இறக்கத்தில் சேறும் தேக்கமும் சேர்ந்துகொள்கின்றன. உங்கள் முதல் பதிவின் 0.83 ஐ முழுவதுமாகக் கழிவுநீரின் கணக்கில் எழுதியிருந்தால் பாதிப்பை மிகைப்படுத்தியிருப்பீர்கள். புதிய இடத்தின் 1.16 ஐயும், கல்லில் இருக்க வேண்டிய இரண்டு குடும்பங்கள் இல்லாததையும், விடியலின் 2.3 ஐயும் ஒன்றாக வைத்தால், கரிமக் கழிவால் ஆக்சிஜன் வற்றியது என்ற விளக்கத்துக்கு வலு இருக்கிறது. ஆனால் அந்த ஆக்சிஜன் அளவு தேங்கிய இடத்தினுடையது. கல் உள்ள இடத்திலும் ஒரு விடியலில் அளந்துவிடுங்கள்.

அளவுகோல்

அப்படியென்றால் "வாய்க்காலே காரணம்" என்று இப்போது துணிந்து எழுதலாம் அல்லவா?

அலையாத்தி

நான் இன்னும் தயங்குவேன். மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். மூன்று புட்டிகள் இருந்தாலும் அவை ஒரே இடத்தின் மூன்று கைப்பிடிகளே. ஹர்ல்பர்ட் 1984 இல் எச்சரித்தது இதைப் பற்றித்தான். வாய்க்கால் இல்லாவிட்டாலும் நூறு மீட்டர் கீழே வேறு சமூகம் இருந்திருக்கலாம் என்ற வாதத்துக்கு உங்களிடம் விடை இல்லை. வாய்க்காலுக்கு மேலேயே இரண்டு மூன்று கல் பகுதிகளில் மாதிரி எடுத்து, அவற்றுக்குள் வேறுபாடு எவ்வளவு என்று காட்டினால் ஒழிய நான் "காரணம்" என்ற சொல்லை ஏற்க மாட்டேன்.

கூழாங்கல்

அலையாத்தியின் தயக்கம் நியாயமானது. என் எடைபோடல் சற்று வேறு. கழிவுநீரைத் தாங்காத குடும்பங்கள் மட்டும் மறைந்து, தாங்குபவை மட்டும் பெருகியிருப்பது தற்செயலான இட வேறுபாட்டில் எளிதில் நிகழாது. நான் எழுதினால், "கரிம மாசுக்கு ஒத்த மாற்றம்" என்று எழுதுவேன். "காரணம்" என்று எழுதுவதற்கு மேலே இன்னும் இரண்டு கல் பகுதிகள் தேவை என்பதை ஏற்கிறேன்.

நீரோட்டம்

மேலே நடந்து பார்த்ததில் கல் பகுதிகள் இரண்டு உள்ளன. ஒன்று மரநிழலில், மற்றொன்று வெயிலில். வெயில் படும் பகுதியில் பாசி மிகுதி. நிழல் வேறுபாடும் ஒப்பீட்டைக் கெடுக்குமா, அல்லது இரண்டையுமே எடுத்துக்கொள்ளலாமா?

கூழாங்கல்

இரண்டையும் எடுங்கள். வாய்க்காலுக்குக் கீழே உள்ள கல் பகுதி நிழலா வெயிலா என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒத்ததை முதல் ஒப்பீடாக வையுங்கள்.